380 பக்கப் பேட்டிகளிலிருந்து கருப்பொருளும் மேற்கோளும் எடுப்பது எப்படி?

கேள்வி: காசநோய் மருந்தை இடையில் நிறுத்திய 24 பேரிடம் பேட்டி எடுத்து, எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டேன். மொத்தம் 380 பக்கம். எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்வது போலவும் இருக்கிறது, எதையும் விட மனமும் வரவில்லை. இதிலிருந்து தீம்களை எப்படி எடுப்பது? எந்த மேற்கோள்களை வைப்பது, எத்தனை? என் கைடு, "இதெல்லாம் தீம் இல்லை, வெறும் தலைப்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதில்:

உங்கள் கைடு சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். பக்கவிளைவு, குடும்ப ஆதரவு, வேலை, அவமானம் என்று நான்கைந்து சொற்கள்தான் உங்கள் தீம்களாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இவை நீங்கள் கேட்ட கேள்விகளின் பெயர்கள். பக்கவிளைவு பற்றிக் கேட்டீர்கள், பதில் வந்தது, அதை ஒரு பெட்டியில் போட்டு மேலே 'பக்கவிளைவு' என்று எழுதினீர்கள். கருப்பொருள் என்பது ஒரு முழு வாக்கியமாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அதைப் படிக்கும் ஒருவர் "இல்லை, அப்படியில்லை" என்று மறுக்கவும் முடிய வேண்டும். 'வேலை' என்ற சொல்லை யாரும் மறுக்க முடியாது. "வேலைக்குத் திரும்பிய நாளையே நோய் தீர்ந்த நாளாக எடுத்துக்கொண்டார்கள்" என்பதை மறுக்கலாம். பேட்டிகளுக்குள் போய்ச் சரியா என்று தேடலாம். கருப்பொருள் பகுப்பாய்வு பற்றி 2006-ல் எழுதிய வர்ஜீனியா பிரான், விக்டோரியா கிளார்க் இருவரும், தலைப்புவாரியான சுருக்கத்தைத் தீம் என்று அழைக்கும் பழக்கத்தைப் பின்னாளில் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறார்கள். உங்கள் கைடும் அதைத்தான் சொல்கிறார்.

உங்கள் பேட்டிகளை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே வரும் பேச்சு வரிகளும் எண்ணிக்கைகளும் விளக்கத்துக்காக நானே எழுதியவை. வழிமுறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுவதால் பேட்டிகளை முழுவதும் மொழிபெயர்த்துவிட்டு அந்த ஆங்கிலப் படியில் வேலை செய்யத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். தமிழ்ப் படியிலேயே குறியிடுங்கள், அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் அது என்ன சொல்கிறது என்று சுருக்கமாக எழுதுங்கள்; அந்தக் குறிகளையும் தமிழிலேயே எழுதுங்கள். கடைசியில் தேர்ந்தெடுத்த மேற்கோள்களை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். ஏன் என்பது இந்த வரிகளைப் பார்த்தால் புரியும்:

"ரெண்டு மாசம் ஒழுங்காத்தாங்க சாப்ட்டேன். இருமல் நின்னுடுச்சு, உடம்பு தேறிடுச்சு. மாத்திரையும் ஒரே சூடு, மூத்திரமே செவப்பா போவுது. கொத்து வேலைக்குப் போறவனுக்கு வெயிலும் சூடு, மாத்திரையும் சூடுன்னா எப்படிங்க?"

சிறுநீர் நிறம் மாறுவது ரிஃபாம்பிசின் மருந்தால். அது ஆபத்தில்லாதது. ஆனால் இவர் அதை உடம்புச் சூட்டின் அடையாளமாகப் படிக்கிறார். ஆங்கிலப் படியில் 'சூடு' என்பது பக்கவிளைவு என்று மாறியிருக்கும், நீங்களும் பக்கவிளைவு என்றே குறியிட்டிருப்பீர்கள். அதோடு, வெயிலையும் மாத்திரையையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்க்கும் அவருடைய யோசனை தொலைந்துபோயிருக்கும். இங்கே குறி 'மாத்திரைச் சூடும் வேலைச் சூடும் சேர்ந்தால் உடம்பு தாங்காது' என்று இருக்கலாம். நீளமாக இருப்பதில் தவறில்லை. குறியை மட்டும் படித்தால், மூலத்தைப் பார்க்காமலேயே அந்த ஆள் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும். அதுதான் நான் வைத்திருக்கும் சோதனை.

24 பேட்டிகளையும் ஒரே மூச்சில் குறியிட வேண்டாம். ஒன்றுக்கொன்று மாறுபட்ட ஐந்தை எடுங்கள்: ஒரு பெண், ஒரு முதியவர், முதல் மாதமே விட்டவர், ஐந்தாம் மாதம் விட்டவர், உங்களுக்குப் புரியாத மாதிரி பேசிய ஒருவர். ஐந்தையும் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே நுணுக்கமாகக் குறியிட்டால் நூறுக்கு மேல் குறிகள் வந்து குவியும். பயப்பட வேண்டாம். அவற்றைத் தாளில் எழுதி வெட்டித் தரையில் பரப்பி, ஒன்றுபோல் இருப்பதைச் சேர்த்தால் முப்பது நாற்பதுக்குள் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் விளக்கம் எழுதுங்கள். இதில் எது சேரும், எது சேராது என்று ஓர் உதாரணமும் வேண்டும். 'சேராது' என்ற வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் பத்தாவது பேட்டிக்கு வரும்போது அதே குறியை வேறு அர்த்தத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். பட்டியல் நிலைத்ததும் மற்ற 19 பேட்டிகளையும் முடித்துவிட்டு, முதல் ஐந்துக்குத் திரும்பி வந்து மறுபடி பாருங்கள். பலர் இந்தத் திரும்புதலைச் செய்வதில்லை. அதனால் பட்டியல் முதிர்வதற்கு முன் குறியிட்ட அந்த ஐந்து பேட்டிகள் மட்டும் கடைசிவரை வேறு அளவுகோலில் நிற்கும்.

மென்பொருள் எது என்று அடுத்து கேட்பீர்கள். என்விவோ இருந்தால் நல்லது, இலவசமாக டேகெட் இருக்கிறது, எக்செல்லும் போதும். எது எடுத்தாலும் உங்களுக்காக அது யோசிக்காது.

இப்போது, என் அனுபவத்தில் எல்லாவற்றையும் விட உதவிய கட்டத்துக்கு வருகிறேன்: அட்டவணை. பிரிட்டனில் சமூகக் கொள்கை ஆய்வுக்காக ஜேன் ரிச்சி, லிஸ் ஸ்பென்சர் ஆகியோர் உருவாக்கிய முறை இது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு நிரல். உங்கள் ஆய்வுக்கு ஏழு நிரல் போதும் என்று நினைக்கிறேன்: மருந்தை உடம்பு எப்படி எடுத்துக்கொண்டது, குணமானதாக எதை வைத்துச் சொன்னார், வேலைக்குத் திரும்பியது எப்போது, மாத்திரை சாப்பிட்ட நேரமும் இடமும், நோய் யாருக்கெல்லாம் தெரியும், நிறுத்திய நாள் என்ன நடந்தது, மருத்துவமனையில் நடத்தப்பட்ட விதம். 24 பேருக்கு 168 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிரண்டு வரிச் சுருக்கம், கூடவே பேட்டி எண்ணும் வரி எண்ணும். அவர் பயன்படுத்திய சொல் விசேஷமாக இருந்தால் அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அந்த விஷயம் பேட்டியில் வரவே இல்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடாமல் 'பேசவில்லை' என்று எழுதுங்கள். பேசவில்லை என்பதும், கேட்டபோது இல்லை என்றார் என்பதும் வேறு வேறு.

இதை நிரப்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆனால் 380 பக்கம் சில பெரிய தாள்களில் அடங்கி, சுவரில் ஒட்டக்கூடிய அளவுக்கு வந்துவிடும். குறுக்கே படித்தால் ஒருவருடைய முழுக் கதை. மேலிருந்து கீழே படித்தால் ஒரே விஷயத்தில் 24 பேரும் எப்படி விலகி நிற்கிறார்கள் என்பது. எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவது, இப்படி மேலிருந்து கீழே படிக்காததால்தான்.

ஒரு கருப்பொருள் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். 'குணமானதாக எதை வைத்துச் சொன்னார்' என்ற நிரலைப் படிக்கிறீர்கள். 24 பேரில் 17 பேர் 'உடம்பு தேறிடுச்சு, அதான் விட்டுட்டேன்' என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கேயே நிறுத்தினால் 'நோயாளிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை' என்று எழுதிவிடுவீர்கள். ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்தை, சில வாரங்களில் இருமல் நின்று எடை ஏறியதும் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதற்கு 24 பேட்டி தேவையில்லை.

பக்கத்து நிரலையும் அதோடு சேர்த்துப் படியுங்கள். அந்த 17 பேரில் பலருடைய வரிசையில், 'மாத்திரை சாப்பிட்ட நேரமும் இடமும்' என்ற கட்டத்தில் வேறொரு விஷயம் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டலும் தலைசுற்றலும் வருகிறது. ஏழு மணிக்கு ஆட்களை ஏற்றும் வண்டி வந்துவிடும். வேலை இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றால் பக்கத்தில் இருப்பவர் "என்ன மாத்திரை?" என்று கேட்பார். இப்போது வரி எண்களைப் பாருங்கள். 'உடம்பு தேறிடுச்சு' என்பது பேட்டியின் முதல் சில நிமிடங்களில், ஏன் நிறுத்தினீர்கள் என்று நீங்கள் நேராகக் கேட்டபோது வந்தது. வண்டியும் குமட்டலும் அரை மணி நேரம் கழித்து, "ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று கேட்டபோது வந்தவை.

வரி எண் எழுதச் சொன்னது இதற்காகத்தான். முதல் பதில், மருத்துவமனை ஆளிடமோ ஆராய்ச்சி செய்ய வந்த படித்தவரிடமோ சொல்லத் தயாராக வைத்திருக்கும் பதில். பொய்யில்லை, ஆனால் அது முன்வாசல். பின்கட்டில் இருப்பது கொஞ்சம் பழகிய பிறகுதான் தெரியும். ஒரே ஆள் ஒரே கேள்விக்கு இரண்டு காரணம் சொன்னால், எது உண்மை என்று தீர்ப்பு சொல்ல வேண்டாம். இரண்டும் எந்தச் சூழலில் சொல்லப்பட்டன என்பதே உங்கள் கண்டுபிடிப்பு.

இப்போது வாக்கியம் எழுதலாம். முதல் வரைவு: "வேலைக்குப் போகும் உடம்பே குணமான உடம்பு." இதை வைத்துக்கொண்டு எதிர்ச் சான்று தேட வேண்டும். வேலைக்குத் திரும்பியும் மருந்தை உடனே விடாதவர் யாராவது இருக்கிறாரா? ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதமே வேலைக்குப் போனவர், ஐந்தாம் மாதம் வரை சாப்பிட்டார். அவருடைய வரிசையைக் குறுக்கே படித்தால், மேஸ்திரி அவருடைய மச்சான். மச்சானுக்கு நோய் தெரியும். ஒன்பது மணிக்கு டீ குடிக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிழலில் உட்கார விட்டார். ஐந்தாம் மாதம் வேறு மேஸ்திரியிடம் போனார், மருந்து நின்றது. இந்த ஓர் ஆள் உங்கள் வாக்கியத்தை உடைத்துத் திருத்திக்கொடுக்கிறார். குணமாகிவிட்டது என்ற நம்பிக்கை மட்டும் காரணமில்லை. மாத்திரைக்கு வேலை நாளில் ஓர் இடம் இல்லை, அந்த இடத்தைத் தரக்கூடியவரிடம் நோயைச் சொல்லவும் முடியவில்லை. திருத்திய வாக்கியம் இப்படி வரலாம்: "மருந்து நின்றது, அது வேலை நாளுக்குள் நுழைய முடியாமல் போனபோது; 'உடம்பு தேறிவிட்டது' என்பது அதைச் சொல்வதற்குக் கௌரவமான வழி."

இது முன்பு நான்கு பெட்டிகளில் கிடந்த பக்கவிளைவு, வேலை, அவமானம், குணமாதல் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது பாருங்கள். 24 பேட்டிக்கு இப்படி மூன்று அல்லது நான்கு கருப்பொருள் கிடைத்தால் போதுமானது. எட்டு பத்து வந்தால் அவை இன்னும் தலைப்புகளாகவே இருக்கின்றன என்று அர்த்தம்.

அப்புறம் எண்ணிக்கை. ஒரு விஷயம் எத்தனை பேரிடம் வந்தது என்று கட்டாயம் எண்ணுங்கள். எத்தனை தடவை வந்தது என்று எண்ணாதீர்கள். ஒரே ஆள் பதினைந்து தடவை சொன்னால் அது ஒரு ஆள்தான். ஆனால் அந்த எண்ணை '71 சதவீதம் பேர்' என்று ஆய்வேட்டில் எழுத வேண்டாம். எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே விதமாகக் கேட்கவில்லை, 24 பேரும் குலுக்கலில் எடுத்தவர்களும் இல்லை. 'பெரும்பாலோர்', 'சிலர்', 'ஒருவர்' என்று எழுதுங்கள், ஆனால் அந்தச் சொற்களுக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள்.

சரி, மேற்கோள். இங்கே நானே செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஓர் ஆய்வறிக்கையில், பேட்டி கொடுத்தவர்களில் ஒரு அம்மா அவ்வளவு அழகாகப் பேசியிருந்தார். பழமொழியும் அழுகையும் கோபமுமாக ஒவ்வொரு பக்கமும் மேற்கோள் ஆகக்கூடியது. அறிக்கை முடிந்து சரிபார்க்கும்போது எண்ணினேன். பதினாறு மேற்கோளில் ஆறு அவருடையவை. அதைவிட மோசம், ஒரு கருப்பொருள் முழுவதும் அவர் சொன்ன ஒரு வரியைச் சுற்றி நான் கட்டியது. மற்றவர்களிடம் அது மெலிதாகத்தான் இருந்தது. அந்தப் பகுதியைக் கலைத்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. நன்றாகப் பேசுபவர் எல்லாருக்காகவும் பேசுகிறார் என்று நம் காது நம்பிவிடுகிறது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் கருப்பொருள் பகுதியை மேற்கோளே இல்லாமல் எழுதுங்கள், அட்டவணையை மட்டும் பார்த்து. வாதம் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு அந்தக் கருப்பொருளுக்கு எட்டு பத்து மேற்கோள்களை ஒரு தனிக் கோப்பில் சேர்த்து, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலோர் பேசியது மாதிரி இருப்பது ஒன்று வேண்டும். அது கொஞ்சம் சாதாரணமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. விஷயத்தின் ஓரத்தைக் காட்டுவது ஒன்று. எதிராக நிற்பது ஒன்று, இங்கே அந்த மச்சான் மேஸ்திரி கதை. ஒரு கருப்பொருளுக்கு இரண்டிலிருந்து நான்கு, ஆய்வேட்டு இயல் முழுவதற்கும் பத்துப் பதினைந்து. ஒரே வேலையைச் செய்யும் இரண்டாவது மேற்கோளை எடுத்துவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும். கடைசியில் யார் எத்தனை தடவை வந்திருக்கிறார் என்று எண்ணுங்கள். ஒருவர் மூன்று தடவைக்கு மேல் வந்தால் காரணம் இருக்க வேண்டும்.

ஒரு மேற்கோள் தேவையா என்பதற்கு எளிய சோதனை உண்டு. அதை நீக்கிவிட்டுப் பத்தியைப் படியுங்கள். எதுவுமே குறையவில்லை என்றால் அது நீங்கள் ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்லும் அலங்காரம். மாறாக, பத்தி அர்த்தமே இல்லாமல் போனால் உங்கள் விளக்க வேலையை மேற்கோளின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். மேலே வந்த கொத்து வேலைக்காரரின் வரிகளை நான் வைப்பேன். வெயிலையும் மாத்திரையையும் ஒரே தராசில் வைப்பதை என் சொற்களில் சொன்னால் அந்த யோசனையின் நியாயம் வாசகருக்கு எட்டாது.

வெட்டும்போதும் கவனம் வேண்டும். பேச்சில் வரும் 'வந்து', 'அதாவது' போன்றவற்றை எடுக்கலாம், நடுவில் விட்ட இடத்தில் மூன்று புள்ளி வைக்கலாம். எடுக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, 'ஆனா' என்று தொடங்கும் பகுதி. "ஆஸ்பத்திரில நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, ஆனா மாத்திரை வாங்கப் போனா ஒரு நாள் கூலி போயிடும்" என்பதில் எந்தப் பாதியை வெட்டினாலும் அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். இரண்டு, உங்கள் கேள்வி. "பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் பிரச்சினை வரும் என்று பயந்தீர்களா?" என்று நீங்களே கேட்டு, அவர் "ஆமாங்க, பயம்தான்" என்றால், 'பயம்' என்ற சொல் உங்களுடையது. அதைக் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் தானாகப் பேசிய இன்னொருவரைத் தேடுங்கள். மொழிபெயர்க்கும்போது தமிழ் மூலத்தையும் பின்னிணைப்பிலாவது கொடுங்கள், 'சூடு' போன்ற சொல்லைத் தமிழாகவே விட்டு ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

கடைசியாக அடையாளம். பேட்டிகளை வைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வு எப்படி அறிக்கையிடப்பட வேண்டும் என்று 2007-ல் வெளிவந்த 32 அம்சப் பட்டியலில், ஒவ்வொரு மேற்கோளும் யாருடையது என்று எண்ணாவது குறிப்பிட வேண்டும் என்று இருக்கிறது. அது நியாயம், மேற்கோள்கள் பலரிடமிருந்து வருகின்றனவா என்று வாசகர் பார்க்க முடியும். ஆனால் காசநோயை மறைத்து வேலை செய்பவர்களின் பேச்சு இது. 'பேட்டி 11, ஆண், 34 வயது, கொத்தனார்' என்று ஊர்ப் பெயரோடு ஓர் இடத்திலும், மச்சான்தான் மேஸ்திரி என்பது இன்னோர் இடத்திலும் வந்தால், அந்த வட்டாரத்தில் இருக்கும் யாரும் இரண்டையும் சேர்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணோடு ஒரே ஒரு விவரம் மட்டும் கொடுங்கள், அந்தக் கருப்பொருளுக்குத் தேவையானதை. இங்கே அது வேலை; வயதும் ஊரும் வேண்டாம். மச்சான் என்பதை 'உறவினர்' என்று மாற்றிவிட்டு, அடையாளத்துக்காகச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன என்று முறையியல் பகுதியில் எழுதிவிடுங்கள். பிறகு அட்டவணையின் அந்த வரிசையை எடுத்து, அதே எண்ணில் வந்திருக்கும் எல்லா மேற்கோள்களையும் ஒரு தாளில் ஒட்டி, அவருடைய மேஸ்திரி இதைப் படித்தால் ஆளைத் தெரிந்துகொள்வாரா என்று பாருங்கள். தெரியும் என்றால் ஒரு மேற்கோளை எடுத்துவிட்டு, நீங்கள் சேர்த்து வைத்த கோப்பிலிருந்து வேறொருவருடையதைப் போடுங்கள். எட்டு பத்து சேர்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.